தினம் ஒரு எண், மூன்று கோடு: பித் பிளாக் ஈரத்துக்குக் கண்ட்ரோல் சார்ட் போடும் முறை

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகும் வழியில், காயர் பித்தைக் காயவைத்து 5 கிலோ பிளாக்காக அழுத்தும் யூனிட் ஒன்றில் தர வேலை பார்க்கிறேன். மஞ்சி மில்லில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்தான் பித். அதை உப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைத்து, மெஷினில் கட்டியாக அழுத்துவோம். ஈரம் கூடினால் பிளாக்கில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் கிடந்து காய்ந்ததும் 5 கிலோ என்று அனுப்பியது 5 கிலோ இருக்காது. அதனால் ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வாங்குபவர் எழுதியே கொடுத்திருந்தார்.

போன மாசியில் ஒரு லோடு திரும்பி வந்தது. கொடுமை என்னவென்றால், அன்றைக்கு என் சுவரில், தினசரி எண் வழக்கத்தை மீறினால் காட்டிக்கொடுக்க வேண்டிய கண்ட்ரோல் சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. சராசரிக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, எல்லாப் புள்ளியும் நடுவில் சமர்த்தாக. எண்கள் வழக்கமாக எவ்வளவு ஆடுகின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்தில் எல்லை போட வேண்டும் என்று படித்ததைத்தான் செய்திருந்தேன். அந்தத் திட்ட விலக்கத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சறுக்கினேன். நீங்களும் தினம் ஒரே ஒரு எண்ணை வைத்துச் சார்ட் போடப் போகிறீர்கள் என்றால், பித் இல்லாவிட்டாலும், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. அளக்கும் முறையை முதலில் பூட்டுங்கள்

சார்ட்டில் ஏறும் எண் தினமும் ஒரே விதமாக வர வேண்டும். எங்கள் முறை இது: காலை முதல் மாலை வரை ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு பிளாக்கை உடைத்து, அதன் நடுப்பகுதியிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்போம். மேல்தோலில் எடுக்கக் கூடாது, அது சீக்கிரம் காய்ந்துவிடும். எடுத்தவுடன் ஜிப் கவரில் போட்டு மூடிவிட வேண்டும். மாலையில் ஐந்தையும் கலந்து, அதிலிருந்து 20 கிராம் எடுத்து 105 டிகிரி ஓவனில் வைப்போம். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்து, இரண்டும் ஒன்றாக வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

20.00 கிராம் உள்ளே போய் 17.10 கிராம் வெளியே வந்தால், போன தண்ணீர் 2.90 கிராம். அதை 20ஆல் வகுத்தால் ஈரம் 14.5 சதவீதம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிலர் காய்ந்த எடையால், அதாவது 17.10ஆல் வகுப்பார்கள். அப்போது அதே மாதிரிக்கு 17.0 வரும். இரண்டுமே கணக்கில் உள்ள முறைகள்தான். ஆனால் ஒரு நாள் ஒருவர் ஒரு விதமாகவும் மறுநாள் இன்னொருவர் வேறு விதமாகவும் வகுத்தால் சார்ட் பொய் சொல்லும். வாங்குபவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டு, ஒன்றை மட்டும் எழுதி ஓவனுக்கு மேலே ஒட்டுங்கள்.

2. நோட்டில் என்னென்ன எழுதுவது

தேதி, ஈர எடை, காய்ந்த எடை, ஈர சதவீதம், குறிப்பு. இவ்வளவுதான். சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு எடைகளை விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வரும் நாளில் திரும்பக் கணக்குப் போட அந்த இரண்டு எடைதான் கையில் இருக்கும்.

ஓவன் முடிவு மறுநாள் காலைதான் வரும். தேதிப் பத்தியில் பிளாக் அழுத்திய தேதியை எழுதுங்கள், முடிவு வந்த தேதியை அல்ல. நான் முதல் இரண்டு வாரம் மாற்றி எழுதி, செவ்வாய்க்கிழமைத் தப்புக்குப் புதன்கிழமை ஆட்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

குறிப்புப் பத்தியில் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக நடந்த எதையும் எழுதுங்கள்: புது மில்லிலிருந்து வந்த பித், களத்தில் தூறல், மெஷின் ரிப்பேர், ஆள் மாற்றம். ஒரு வரி போதும். இந்தப் பத்தியைத்தான் எல்லாரும் காலியாக விடுவார்கள். நானும் விட்டேன். அதற்குக் கொடுத்த விலை கீழே வருகிறது.

3. இருபது நாள் எண் சேரட்டும்

ஐந்தாறு நாள் எண்ணை வைத்து எல்லை போட்டால் அடுத்த வாரம் அது ஆடிப்போகும். 20 முதல் 25 உற்பத்தி நாள் வரை எண்களைச் சேருங்கள். ஞாயிறு விடுமுறை என்றால் அதை விட்டுவிட்டு, வேலை நடந்த நாட்களை வரிசையாக எடுங்கள். இந்த வரிசை முக்கியம். சின்னது பெரியது என்று அடுக்கினால் கீழே வரும் கணக்கே நாசம்.

அந்த மாசியில் என் நோட்டில் இருந்த 20 எண்கள்:

```
நாள் 1-10 : 14.2 14.6 15.0 14.8 14.3 13.9 14.4 15.3 14.7 14.9
நாள் 11-20: 14.0 14.5 17.1 16.6 17.4 16.8 17.0 17.5 16.7 17.3
```

இப்படி அடுக்கிப் பார்த்தால் 13ஆம் நாள் ஏதோ நடந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் தினம் ஒன்றாக வரும்போது, நடுவில் நூறு வேலை இருக்கும்போது, 17.1 என்ற எண்ணைப் பார்த்து "18க்குள்ளதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். நானும் அப்படித்தான் போனேன்.

4. எல்லையை நாள் வித்தியாசத்திலிருந்து எடுங்கள்

முதலில் நான் செய்த தப்பு. எக்செல்லில் 20 எண்ணுக்கும் `AVERAGE` போட்டேன், 15.55 வந்தது. `STDEV.S` போட்டேன், 1.31 வந்தது. மூன்றால் பெருக்கி 3.93. ஆக மேல் எல்லை 19.5, கீழ் எல்லை 11.6. எல்லாப் புள்ளியும் உள்ளே. சுவரில் மாட்டிவிட்டேன்.

ஏன் தப்பு? `STDEV.S` ஒவ்வொரு எண்ணும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கும். 13ஆம் நாள் எண்கள் ஒரேயடியாக மேலே தாவின. அந்தத் தாவலையும் அது சாதாரண ஆட்டம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எந்தக் கோளாறைப் பிடிக்கச் சார்ட் போட்டோமோ, அந்தக் கோளாறே எல்லையை அகலமாக்கித் தனக்கு இடம் பண்ணிக்கொள்கிறது. திருடனையே காவலுக்கு வைத்த கதைதான்.

சரி, சரியான வழி என்ன? இன்றைய எண்ணுக்கும் நேற்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். கூடியதா குறைந்ததா என்று பார்க்க வேண்டாம், வித்தியாசம் மட்டும். 14.2க்கும் 14.6க்கும் 0.4. 14.6க்கும் 15.0க்கும் 0.4. இப்படி 20 நாளுக்கு 19 வித்தியாசம் வரும். 13ஆம் நாள் தாவல் இதில் ஒரே ஒரு வித்தியாசத்தில்தான், 2.6 என்று, தெரியும். அதற்கு அடுத்த நாட்கள் மேலேயே இருந்தாலும் அவற்றுக்குள் வித்தியாசம் பழையபடி சின்னதுதான். அதனால் சராசரி வித்தியாசம் அவ்வளவாகக் கெடுவதில்லை.

என் 19 வித்தியாசங்களின் கூட்டல் 12.1, சராசரி 0.637. இதை 1.128ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும். ஒரு செயல் சீராக, இயல்பாக ஆடும்போது அடுத்தடுத்த இரண்டு எண்ணின் வித்தியாசம் சராசரியாகத் திட்ட விலக்கத்தைப் போல 1.128 மடங்கு இருக்கும், அதனால்தான். மூன்று திட்ட விலக்கம் வேண்டும் என்பதால் 3ஐ 1.128ஆல் வகுத்து 2.66 என்று வைத்துக்கொள்கிறார்கள். சராசரி வித்தியாசத்தை 2.66ஆல் பெருக்கினால் வேலை முடிந்தது.

0.637 × 2.66 = 1.69. மேல் எல்லை 15.55 + 1.69 = 17.24. கீழ் எல்லை 13.86. இப்போது அதே 20 எண்ணைப் பாருங்கள்: 17.4, 17.5, 17.3 மூன்றும் வெளியே நிற்கின்றன. போதாததற்கு முதல் 12 புள்ளியும் சராசரிக்குக் கீழே, அடுத்த 8ம் மேலே. அதே எண்கள், அதே "மூன்று திட்ட விலக்கம்". ஒரு கோடு 19.5இல், இன்னொன்று 17.24இல்.

இன்னொரு தப்பும் உண்டு, இதற்கு நேர் எதிரானது. ஒரு நாளில் எடுத்த ஐந்து கைப்பிடியையும் தனித்தனியாக அளந்து, அந்த ஐந்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை வைத்து நாள் சராசரிக்கு எல்லை போடுவது. களத்தில் காய்வது வெயிலைப் பொறுத்தது. ஒரே நாளில் எடுத்த ஐந்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நாளுக்கு நாள்தான் மாறும். அப்படிப் போட்ட எல்லை மிகக் குறுகலாக வந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் சார்ட் அலறும். இரண்டு வாரத்தில் யாரும் அதைக் காதில் வாங்க மாட்டார்கள். நாளுக்கு ஒரு எண் என்றால் நாளுக்கு நாள் வித்தியாசம்தான் அளவுகோல்.

5. வெளியே போன நாளை விசாரித்துவிட்டு எல்லையைத் திரும்பப் போடுங்கள்

முதல் கணக்கில் வரும் எல்லை தற்காலிகம். வெளியே நிற்கும் புள்ளிக்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் தெரிந்தால் மட்டுமே அந்த நாட்களை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்குப் போடலாம். "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்பதற்காக ஒரு புள்ளியை நீக்கக் கூடாது.

லோடு திரும்பிய பிறகு உட்கார்ந்து இதைத்தான் செய்தேன். முதல் சந்தேகம் வகுத்தல் மேல். 14.5 என்பது காய்ந்த எடையால் வகுத்தால் 17.0 ஆகும் என்று மேலே சொன்னேன் அல்லவா? என் எண்களும் சராசரி 14.55இலிருந்து 17.05க்குத்தான் தாவியிருந்தன. யாரோ மாற்றி வகுத்திருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிட்டேன். நோட்டில் எடை இருந்ததால் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வகுத்தல் சரி. பித்தில் நிஜமாகவே ஈரம் கூடியிருந்தது. எடையை எழுதாமல் விட்டிருந்தால் "கணக்குப் பிழை" என்று எழுதி அந்தப் பக்கத்தை மூடியிருப்பேன்.

அப்புறம் களத்துக்குப் போனேன். குறிப்புப் பத்தி காலி, ஆகவே வாயைத் திறந்து கேட்பதைத் தவிர வழியில்லை.

"ஏனுங்கண்ணா, மாசம் நடுவுல களத்துல ஏதாச்சும் மாறுச்சுங்களா?"

"ஒண்ணும் மாறலீங்க சார். அதே களம், அதே பித்து."

"ஆளு?"

"ஆளும் அதேதானுங்க. டிராக்டர் ஓட்டற பையன் மட்டும் நோம்பிக்கு ஊருக்குப் போனானுங்க. பக்கத்து மில்லு பையன்தான் வந்து கெளறி விடறான்."

பழைய பையன் பரப்பிய பித்தை நாளுக்கு மூன்று முறை டிராக்டரால் கிளறிவிடுவான். புதுப் பையன் தன் மில் வேலைக்கு நடுவே வந்து ஒரே ஒரு முறை கிளறிவிட்டுப் போயிருக்கிறான். மேலே சருகாகக் காய்ந்திருக்கும். கையை விட்டு அடியில் அள்ளிப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. யாரும் அவனிடம் மூன்று முறை என்று சொல்லவில்லை. அவன் மேல் தப்பே இல்லை.

காரணம் தெரிந்துவிட்டதால் 13 முதல் 20 வரை உள்ள எட்டு நாளையும் நீக்கிவிட்டு, முதல் 12 நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். சராசரி 14.55. பதினோரு வித்தியாசத்தின் கூட்டல் 5.5, சராசரி 0.5. அதை 2.66ஆல் பெருக்க 1.33. மேல் எல்லை 15.88, கீழ் எல்லை 13.22. இந்தக் கோடு சுவரில் இருந்திருந்தால் 13ஆம் நாளின் 17.1 மறுநாள் காலையே கத்தியிருக்கும். எட்டு நாள் உற்பத்தி ஈரமாகப் போயிருக்காது, ஒரு நாளோடு நின்றிருக்கும்.

எக்செல்லில் இதற்கு வேண்டியது இவ்வளவுதான். `B2` முதல் `B13` வரை 12 நாள் எண்கள்:

```
C3: =ABS(B3-B2)      (C13 வரை இழுக்கவும்)
E1: =AVERAGE(B2:B13)
E2: =AVERAGE(C3:C13)
E3: =E1+2.66*E2
E4: =E1-2.66*E2
E5: =3.267*E2
```

`E1` நடுக்கோடு, `E3` மேல் எல்லை, `E4` கீழ் எல்லை. `E5` வித்தியாசத்துக்கான எல்லை. ஒரே நாளில் எண் இதைவிட அதிகமாகத் தாவினால் அதுவும் ஓர் எச்சரிக்கை. என் கணக்கில் அது 1.63. அந்த நாள் தாவல் 2.6.

12 நாள் என்பது கொஞ்சம் குறைவுதான். பழைய பையன் திரும்பி வந்த பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் சேர்ந்ததும் ஒருமுறை கணக்கைப் புதுப்பித்து, அதோடு எல்லையைப் பூட்டிவிடுங்கள். தினமும் புது எண்ணைச் சேர்த்து எல்லையை மாற்றிக்கொண்டே இருந்தால், ஈரம் மெல்ல ஏற ஏற எல்லையும் கூடவே ஏறி வரும். எக்செல் தானாக மாற்றிக்கொடுக்கும் வசதி இங்கே ஒரு சனியன். கணக்கு முடிந்ததும் எண்களைக் கையால் அடித்துப் பதித்துவிடுங்கள்.

6. தினமும் காலையில் பார்க்க வேண்டியது

இரண்டே இரண்டு. ஒன்று, புள்ளி மேல் எல்லைக்கு மேலேயோ கீழ் எல்லைக்குக் கீழேயோ போயிருக்கிறதா? இரண்டு, தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கிறதா? முதலாவது பெரிய தாவலைப் பிடிக்கும், இரண்டாவது எல்லையைத் தொடாமல் நைஸாக நகர்வதைப் பிடிக்கும். புத்தகங்களில் இன்னும் ஆறேழு விதிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பொய் எச்சரிக்கை கூடிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டு போதும் என்பது என் கருத்து.

கீழ் எல்லையைத் தாண்டினால் "ஈரம் குறைஞ்சிருக்கு, நல்லதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். அதிகம் காய்ந்த பித் அழுத்தும்போது சரியாகப் பிடிக்காமல் பிளாக் ஓரம் உதிரும். இல்லாவிட்டால் மாதிரியைக் கவரில் மூடாமல் மேஜையில் வைத்திருப்பார்கள். எங்களிடம் ஒருமுறை 12.8 வந்ததற்குக் காரணம் மூடாத கவர்தான்.

முதலாளி ஒருநாள் கேட்டார்: "மூணு எதுக்கு? ரெண்டு வச்சா இன்னும் உஷாரா இருக்கலாமே?" நியாயமான கேள்வி. எல்லாம் ஒழுங்காக நடக்கும்போதும் எண் ஆடத்தான் செய்யும். இரண்டு திட்ட விலக்கத்தில் கோடு போட்டால், ஒரு கோளாறும் இல்லாமலேயே சுமார் 22 நாளுக்கு ஒரு முறை புள்ளி வெளியே போகும். அதாவது மாதத்துக்கு ஒரு முறை வீணாகக் களத்துக்கு ஓடி, இல்லாத காரணத்தைத் தேடி, கிடைக்காமல் எதையாவது திருகிவைப்போம். அந்தத் திருகலே அடுத்த கோளாறு. மூன்றில் போட்டால் சுமார் 370 நாளுக்கு ஒரு முறைதான் பொய் எச்சரிக்கை. எண்கள் மணி வடிவத்தில் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பொருந்தாவிட்டாலும் வெளியே போன புள்ளியைத் தேடிப்போவது பெரும்பாலும் வீணாகாது.

எல்லைக்குள் ஆடும் புள்ளிக்கு விளக்கம் கேட்காதீர்கள். 14.3 நேற்று, 15.3 இன்று என்றால் அது அந்தக் களத்தின் சுபாவம். அதைக் கேட்டு ஆட்களைத் திட்டினால் அடுத்த நாளிலிருந்து உங்களுக்குப் பிடித்த எண்தான் நோட்டில் வரும்.

7. வாங்குபவரின் 18ஐச் சார்ட்டில் வரையாதீர்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாரும் மேல் எல்லையாக 18ஐப் போட்டுவிடுவார்கள். அது வாங்குபவரின் விருப்பம். 15.88 உங்கள் களத்தின் வாய்மொழி. இரண்டும் வேறு. 18ஐ வரைந்தால் 17.1 நல்ல புள்ளியாகத் தெரியும். அந்த எட்டு நாளும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

இன்னொரு சூட்சுமம். சார்ட்டில் இருப்பது ஐந்து பிளாக்கைக் கலந்து எடுத்த எண். வாங்குபவர் அப்படிக் கலப்பதில்லை, கையில் கிடைத்த ஒரு பிளாக்கை உடைத்துப் பார்ப்பார். கலவை 17 காட்டும் நாளில் ஒரு பிளாக் 16 இருக்கும், இன்னொன்று 18.5 இருக்கும். என் லோடு திரும்பியது இப்படித்தான்: என் நோட்டில் ஒரு நாள்கூட 18ஐத் தொடவில்லை, அவர் உடைத்த பிளாக்கில் தொட்டது. ஆகவே சார்ட் உள்ளே இருக்கிறது என்பதற்காக எல்லா பிளாக்கும் 18க்குள் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு மாதம் ஒரு முறையாவது பத்துப் பதினைந்து பிளாக்கைத் தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

8. மழைக்காலத்துக்குத் தனி எல்லை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாலக்காட்டின் மற்ற இடங்களைவிட மழை குறைவு. ஆனால் ஜூன் தொடங்கினால் கணவாய் வழியாக ஈரக் காற்று வீசும், வானம் மூடிக் கிடக்கும். மாசியில் போட்ட எல்லையை ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தினமும் வெளியேதான் நிற்கும். காரணம் தெரியும், மாற்றவும் முடியாது, தொடர்ந்தும் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எல்லையை மாற்றலாம். பருவம் மாறியதும் புதிதாக 20 நாள் சேர்த்துத் தனிக் கோடு போட்டு, சார்ட்டில் அந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூட்டம் பிடித்தால் நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் இருக்கும். நேற்றைய ஈரம் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அப்போது அடுத்தடுத்த நாள் வித்தியாசம் நிஜத்தைவிடச் சின்னதாகி, 2.66 கணக்கில் எல்லை குறுகிவிடும். எண்கள் பாம்பு மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அதுதான் அடையாளம். அந்த நேரத்தில் நான் பிளாக்கின் ஈரத்துக்குப் பதிலாக, மெஷினுக்குப் போகும் முன் பித்தின் ஈரத்தைப் பார்த்து, கூடுதலாக இருந்தால் இன்னொரு நாள் காயவைக்கிறேன். சார்ட் தொங்கிக்கொண்டிருக்கும், ஆனால் முடிவை அதன் பேரில் எடுப்பதில்லை.

9. செலவு, நேரம், காகிதம்

ஓவனை மூடிப்போன ஒரு மில்லிலிருந்து 11,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கினோம். 0.01 கிராம் காட்டும் தராசு 4,500. தராசைச் சோதிக்க 20 கிராம் படிக்கல் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், தினமும் முதல் வேலையாக அதை வைத்துப் பாருங்கள். தராசு நகர்ந்தாலும் சார்ட்டில் ஈரம் நகர்ந்த மாதிரியேதான் தெரியும். கிராஃப் நோட்டு 60 ரூபாய். சாப்ட்வேர் என்று பணம் கேட்டு வருபவர்களிடம் இப்போதைக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

நேரம் என்று பார்த்தால் மாதிரி எடுக்க, நிறுக்க, புள்ளி வைக்க எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். எல்லை போடும் கணக்குக்கு ஒரு மாலை. முதல் எண்ணிலிருந்து நம்பக்கூடிய கோடு வரை எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் பாதி என் தப்பால்.

வாங்குபவர் காகிதம் கேட்டால் நான்கு கொடுக்கிறேன்: என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து தராசுக்கும் ஓவனுக்கும் வாங்கிய சான்று, அளக்கும் முறையை எழுதிய ஒரு பக்கம், எந்தத் தேதி எண்களை வைத்து எல்லை போட்டேன் என்ற கணக்கு, எடைகளோடு நோட்டின் நகல். வெளியே போன புள்ளிகளை மறைத்து அனுப்பாதீர்கள். பக்கத்தில் காரணமும் எழுதி அனுப்பினால் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். என் நகலில் அந்த எட்டு நாளும் அப்படியே இருக்கிறது. குறிப்புப் பத்தியில் 13ஆம் நாளுக்கு நேராக, பின்னால் சிவப்பு மையில் எழுதியது: "டிராக்டர் ஆள் மாற்றம். கிளறல் 3க்குப் பதில் 1."